இரண்டு குடை அகலம்

புதுச்சேரி நேரு வீதியில் தீபாவளி வியாபாரம் மழையோடு சேர்ந்தேதான் வரும். ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள், பாகூர், வில்லியனூர், கடலூர் என்று சுற்று வட்டாரமே துணி எடுக்க டவுனுக்குள் இறங்குவதும் அதே வாரங்களில்தான். மேலே மழை, கீழே கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் தன் முகப்பை அலங்கரித்து, நடந்து போகிறவரை நிறுத்தி, உள்ளே அழைக்க வேண்டும். என் பெரியப்பா இதை எப்படிச் செய்தார் என்பதை 1980களின் பிற்பகுதியில் அவருடைய ஜவுளிக் கடையில் எடுபிடியாக இருந்து பார்த்தவன் நான். பள்ளி விட்டதும் நேரே கடைக்குத்தான் போவேன். அப்போது நான் கற்றுக்கொண்டது பிறகு எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் கண்ணுக்கு உதவுகிறது.

கடை வீதியின் வடக்குப் பக்கத்தில், தெற்குப் பார்த்து இருந்தது. வயதானவர்கள் சிலர் அப்போதும் நேரு வீதியை துய்ப்ளெக்ஸ் வீதி என்றே சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் குடும்பங்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள். பென்ஷன் வந்த கையோடு பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று குடும்பமாக வருவார்கள். அவர்களோடு வயதான பாட்டிமார்கள் வருவார்கள். பக்கத்திலேயே பெரிய மார்க்கெட் இருந்ததால், தலையில் கூடை சுமந்த பெண்களும் நாள் முழுக்க எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போய்வந்தார்கள்.

ஷட்டரில் இருந்து சாக்கடை விளிம்பு வரை எங்கள் கடை முன்னால் எட்டடி. அதில் இரண்டடியைக் கடையின் படிகளே எடுத்துக்கொண்டன. மீதி ஆறடிதான் ஜனங்கள் நடக்கிற பிளாட்பாரம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெரியப்பா இரண்டு குடைகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். கடைப் பையன் ஒருவன் ஒரு குடையை விரித்துப் பிடிப்பான். இன்னொன்றை நான் பிடிப்பேன். இருவரும் எதிரெதிரே நடந்து ஒருவரை ஒருவர் கடக்க வேண்டும். அந்தக் காலத்துக் கறுப்புக் குடை விரித்தால் ஏறக்குறைய மூன்றடி அகலம். இரண்டு குடைகள் உரசாமல் போக ஆறடி வேண்டும். எங்களிடம் இருந்ததே ஆறடி. "அவ்வளவுதான் கணக்கு. கீழே ஒரு ஸ்டூல்கூடப் போடக் கூடாது" என்பார். பிறகு சாக்பீஸால் படியின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போடச் சொல்வார். அந்தக் கோட்டுக்கு வெளியே தரையில் எங்கள் பொருள் எதுவும் இருக்காது.

உயரத்துக்கு வேறொரு அளவு. கூடை சுமந்து போகிற ஓர் அம்மாவை நிறுத்தி, "சித்த நில்லும்மா" என்று கேட்டுக்கொண்டு, கூடையின் மேல் விளிம்புக்கு மேலே ஒரு சாண் வைத்துச் சுவரில் குறி போடுவார். அது ஏழடிக்குச் சற்று மேலே வரும். தோரணமோ, சீரியல் செட்டோ, தொங்கவிட்ட புடவையோ நடைபாதைக்கு மேலே வருவதாக இருந்தால் அந்தக் குறிக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து, இந்தியச் சாலைக் கழகம் நடைபாதைகளுக்காக 2012இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளை நான் படிக்க நேர்ந்தது. நடக்கிறவருக்கு எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் விட வேண்டும் என்கிறது அது. 1.8 மீட்டர் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. 2.2 மீட்டர் ஏழேகால் அடி. குடையையும் கூடையையும் வைத்துப் பெரியப்பா போட்ட கோடுகள் அங்கேயே வந்து நின்றன. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் கடந்து போகவும் அந்த அகலம் போதும்.

இந்த அளவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் புதுச்சேரியின் பழைய வீடுகளில் பதில் இருக்கிறது. தமிழர் பகுதி வீடுகளுக்கு முன்னால் தெருவைப் பார்த்துத் தாழ்வாரம் இருக்கும். மரத்தூண்களின் மேல் சரிவான ஓட்டுக் கூரை. அதன் உட்புறம் திண்ணை. திண்ணை வீட்டாரும் வந்தவரும் உட்கார. தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற வழிப்போக்கருக்கு. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்து தெரு நீளத்துக்கும் நிழலாக ஓடும். வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகளைப் புதுப்பித்து எடுத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. பெரியப்பா அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர். வாசலுக்கு முன்னால் இருக்கிற இடம் அடுத்தவருக்கு என்பது அவருக்குப் புத்தகம் படித்து வந்த எண்ணம் இல்லை.

ஆனால் தரையில் ஒன்றும் வைக்காமல் கடையைப் பண்டிகைக் கடையாகக் காட்டுவது எப்படி? இதில்தான் வேலை இருந்தது.

முதல் வேலை உள்ளே தொடங்கும். ஷட்டருக்கு உட்புறம் முதல் நான்கடியில் இருந்த மேசைகளையும் கல்லாவையும் பின்னால் தள்ளுவோம். சீசன் நேரத்தில் நான்கடி விற்பனை இடத்தைக் காலியாக விடுவது சின்ன விஷயம் கிடையாது. கடையில் மூத்த விற்பனையாளர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும், "மொதலாளி, அங்க ஒரு மேசை போட்டா பிட் துணியே ஓடிடும்" என்று கெஞ்சுவார். பெரியப்பா அசைய மாட்டார். படி ஏறி வருகிறவர் குடையை மடக்கி, நீரை உதறி, பிள்ளையின் கையைப் பிடித்து, சுற்றிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். அதுவரை அவர் எதையும் வாங்க மாட்டார். அந்த இடம் இல்லாவிட்டால் முதல் ஆள் வாசலிலேயே நிற்பார், இரண்டாவது ஆள் படியில் நிற்பார், மூன்றாவது ஆள் பிளாட்பாரத்தில் நிற்பார். நான்காவது ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அந்த நான்கடியின் இரு பக்கச் சுவர்களிலும்தான் எங்கள் உண்மையான அலங்காரம். இடப் பக்கம் பட்டு, வலப் பக்கம் பிள்ளைகளின் பாவாடை சட்டை. பொம்மைகளை வெளியே நிறுத்தாமல் உள்ளே பக்கவாட்டில், தெருவைப் பார்த்துச் சற்றுத் திருப்பி நிறுத்துவோம். தெற்குப் பார்த்த கடைகளுக்கு இது இன்னொரு வகையிலும் நல்லது. ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் மழை இல்லாத நாட்களில் நடுப்பகல் வெயில் நேரே முகப்பில் விழும். வெளியே தொங்கவிட்ட துணியின் மடிப்பில் சில நாட்களிலேயே வெளிறிய கோடு விழுந்துவிடும். அப்புறம் அதைத் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும்.

அடுத்தது மேலே. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற்கெனவே அடித்த கொக்கிகளில் இருந்து சரிகைத் துணியையும் காகிதத் தோரணத்தையும் தொங்கவிடுவோம். இங்கே கடற்காற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். நேரு வீதி கிழக்கு மேற்காக நேர்கோட்டில் ஓடுகிறது. வாடைக் காற்று கடல் பக்கம் இருந்து நுழைந்து வீதியின் நீளத்துக்குத் தடையில்லாமல் பாயும். சுவரை ஒட்டித் தட்டையாகக் கட்டிய துணியைக் காற்று தடவிக்கொண்டு போய்விடும். வீதிக்குக் குறுக்கே நீட்டிக் கட்டிய துணியோ பேனரோ படகின் பாய் போலக் காற்றை வாங்கி, கட்டிய கம்பத்தையே இழுக்கும். ஆகவே எங்கள் துணி எல்லாம் சுவரை ஒட்டியே இருக்கும். தூரத்தில் இருந்து வருகிறவருக்கு அது தெரியாதே என்று கேட்டால், "தூரத்துக்கு வெளிச்சம் போதும், கிட்ட வந்தா துணி" என்பார்.

ஒரு வருஷம் எங்கள் வரிசையில் ஒரு கடைக்காரர் பிளாட்பாரத்தின் மேலேயே சவுக்குக் கம்பங்களால் ஓர் ஆர்ச் கட்டினார். தரையைத் தோண்ட முடியாததால் மண் நிரப்பிய தகர டின்களில் கம்பங்களை நட்டு, சிவப்பும் மஞ்சளுமாகத் துணி சுற்றி, மேலே தெர்மகோல் எழுத்து. பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு பக்க டின்களும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றடியை அடைத்தன. அன்று மாலையில் இருந்தே அந்த இடத்துக்கு வந்ததும் ஜனங்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். மூன்றாம் நாள் இரவு காற்றோடு மழை வந்தபோது நனைந்த துணியின் கனம் சேர்ந்து ஆர்ச் சாய்ந்தது. கடை சாத்துகிற நேரம் என்பதால் யாருக்கும் அடியில்லை. காலையில் அதைப் பிரித்து எடுத்தார்கள். அதே கடைக்காரர் மறு வருஷம் பெரியப்பாவிடம் வந்து கொக்கி அடிக்கிற ஆளின் விவரம் கேட்டு வாங்கிப் போனார்.

வாசலில் வாழைமரம் கட்டாமல் தீபாவளி இல்லை என்று எங்கள் பாட்டி சொல்லிவிடுவார். அதனால் அதற்கும் வழி கண்டுபிடித்தோம். மரத்தைப் படிக்கு மேலே, ஷட்டர் தூணோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டுவோம். கீழே தொங்குகிற இலைகளைக் கூடைக் குறிக்கு மேலே இருக்கும்படி கழித்துவிடுவோம். குலையைத் தெருப் பக்கம் திருப்பாமல் உட்புறம் திருப்புவோம். இல்லாவிட்டால் கூட்டத்தில் வருகிறவர் தோளில் இடித்து, வாழைப்பால் வெள்ளைச் சட்டையில் கறையாகும். அந்தக் கறை எளிதில் போகாது. கோலம் படியில் மட்டும். பிளாட்பாரத்தில் கலர்ப் பொடி போட்டால் தூறலில் கரைந்து சிமெண்டுத் தரை வழுக்கும்.

மழைக்குத் தார்ப்பாய் கட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறுவார்கள். வெளிப்பக்கம் கம்பம் நட்டால் அது நடைபாதையின் நடுவே நிற்கும். கம்பம் இல்லாமல் தளர்வாகக் கட்டினால் நடுவில் குழி விழுந்து நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டர் குழியில் பத்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை நூறு கிலோ. அதைக் கீழிருந்து கம்பால் குத்தினால் அத்தனை நீரும் யாரோ ஒருவர் தலையில் கொட்டும். நாங்கள் சன்ஷேடின் அடிப்பக்கக் கொக்கிகளில் இருந்து மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய குறுகலான தார்ப்பாயை வைத்தோம். அதற்கு நல்ல சரிவு கொடுத்து, கீழ் விளிம்பில் பிளந்த மூங்கிலை ஓடையாகக் கட்டினோம். நீர் அதில் ஓடிக் கடையின் பக்கவாட்டில் இறங்கும். அதனால் மழை பிடித்ததும் ஜனங்கள் எங்கள் கடையின் முன்னால் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர்களைப் பெரியப்பா ஒருநாளும் விரட்டியதில்லை. "உள்ள வந்து நில்லுங்க, நனையாதீங்க" என்பார். உள்ளே அந்த நான்கடி காலியாக இருந்ததால் அவர்கள் வந்து நிற்க இடம் இருந்தது. நின்ற இடத்தில் இரு பக்கமும் துணி. மழை விடுவதற்குள் பாதிப் பேர் ஏதோ ஒன்றை விரித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள்.

சீரியல் செட் விஷயத்தில் அவர் கண்டிப்பு இன்னும் அதிகம். அந்நாளைய செட்டில் சின்னச் சின்ன ஆறு வோல்ட் பல்புகள் நாற்பதுக்குக் குறையாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்திருக்கும். ஒரு பல்பு போனால் முழுச் சரமும் அணைந்துவிடும். அணைந்த சரத்தில் மின்சாரம் இல்லை என்று நினைத்துப் பையன்கள் ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அப்போது திறந்த ஹோல்டருக்குள் முழு 230 வோல்ட்டும் நிற்கும். ஈரக் கை பட்டால் போதும். அதனால் பிளக்கைப் பிடுங்காமல் பல்பைத் தொடக் கூடாது என்பது கடையின் சட்டம். இன்னோர் ஆபத்து ஷட்டர். வயரை ஷட்டருக்கு அடியில் வெளியே விட்டால், தினமும் ஏற்றி இறக்கும்போது இரும்பு விளிம்பு அதை நசுக்கும். உறை கிழிந்தால் ஷட்டர் முழுக்க மின்சாரம் பாயும், காலையில் பூட்டைத் தொடுகிறவருக்கே அது அடிக்கும். எங்கள் வயர் எல்லாம் ஷட்டர் பெட்டிக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாகத்தான் போனது. ஒவ்வொரு ஜாயின்ட்டும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மழைத் தண்ணீர் வழிந்து அதற்குள் போகாதபடி அதை ஒட்டிய வயர் சற்றுக் கீழே வளைத்து விடப்பட்டிருக்கும். இப்போது எல்.இ.டி. சரங்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றிலும் பல நேரே மெயினில் ஓடுபவைதான். கசிவு மின்சாரத்தில் விழுகிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் ஒன்றைத் தனியாகப் போடுவது உயிரைக் காக்கும்.

எல்லாம் கட்டி முடிந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் சேரும்போது எதிர்ப் பக்கம் போய் நிற்க வேண்டும். "துணியைப் பாக்காதே, காலைப் பாரு" என்று சொல்லி அனுப்புவார். நம் கடைக்கு நேரே வரும்போது யார் தெருவில் இறங்குகிறார்கள், யார் தோளைத் திருப்பிக்கொண்டு நுழைகிறார்கள், நின்று பார்க்கிறவரைப் பின்னால் வருகிறவர் இடிக்கிறாரா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஒருமுறை வலப் பக்கம் மட்டும் ஜனங்கள் இறங்கி ஏறினார்கள். போய்ச் சொன்னேன். வெளியே வந்து பார்த்தார். வாடிக்கையாளர்களின் சைக்கிள்கள் அங்கே ஸ்டாண்டு போட்டு நின்றன. உடனே ஒரு பையனை நியமித்து, வருகிற சைக்கிளை வாங்கிப் பக்கத்துச் சந்தில் வரிசையாக விடச் சொன்னார். தீபாவளி முடியும் வரை அந்தப் பையனுக்கு அதுதான் வேலை.

இடிபடுகிறவர் வாங்க மாட்டார் என்பதைப் பெரியப்பா அனுபவத்தில் கண்டிருந்தார். இதையே பின்னால் அமெரிக்காவில் பாக்கோ அண்டர்ஹில் என்பவர் கடைகளில் கேமரா வைத்து ஆராய்ந்து 1999இல் புத்தகமாகவே எழுதினார். நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் வாசலுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அங்கே நின்று பார்த்தவர்களை வழியில் போகிறவர்கள் பின்னால் உரசியபோது, ஓரிரு முறைக்கு மேல் பொறுக்காமல் பாதியில் விட்டுப் போனார்கள். குறிப்பாகப் பெண்கள். எங்கள் கடையில் புடவை பார்ப்பவர்களும் பெண்கள்தான். நடைபாதையைக் காலியாக விடுவது நம் வியாபாரத்துக்கே என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூ விற்கிற ஓர் அக்கா தீபாவளி நாட்களில் எங்கள் கடை முன்னால் உட்காருவார். கோட்டுக்கு வெளியே எதுவும் கூடாது என்றவர் அவரை எப்படி விட்டார் என்று கேட்டிருக்கிறேன். சாக்கடை விளிம்பில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. கம்பத்தை ஒட்டி முன்னும் பின்னும் ஒன்றிரண்டு அடிக்கு யாரும் நடப்பதில்லை, கம்பத்தைத் தவிர்த்து விலகியே நடப்பார்கள். அந்தச் சின்ன இடத்தை அவருக்குக் காட்டி, கூடையைக் கம்பத்தின் நேர்கோட்டில் வைக்கச் சொன்னார். நடக்கிறவருக்கு ஒரு அங்குலமும் குறையவில்லை. எங்கள் வாசலுக்கு மல்லிகை வாசனை கிடைத்தது. அவருக்குப் பிழைப்பு நடந்தது. "நாம ரெண்டடி வெளிய வந்தா, அது அவ இடத்தைத் தள்ளும். அவ சாக்கடைக்கு மேல போவா. சைக்கிள் தெருவுக்கு வரும். ஜனம் பஸ்ஸுக்கு முன்னால நடக்கும்" என்றார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் தடியால் தட்டி எழுப்புவது கடைசியில் பூக்காரியைத்தான். ஆனால் தள்ளுமுள்ளைத் தொடங்கிவைத்தது கடைக்காரரின் இரண்டடி.

இன்றைய நேரு வீதியில் சைக்கிள் இருந்த இடத்தில் ஸ்கூட்டர். சரிகைத் துணி இருந்த இடத்தில் அச்சடித்த ஃபிளெக்ஸ். மின்வெட்டுக்கு வைத்த ஜெனரேட்டர் பல இடங்களில் பிளாட்பாரத்திலேயே புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. புதுச்சேரியில் பொது இடங்களைப் பேனர்களால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 2000ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அப்படியும் பண்டிகை வந்தால் கம்பங்கள் முளைக்கின்றன. வீதியில் ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் எல்லாக் கடைகளும் பொருளை உள்ளே இழுக்கின்றன, மறுநாள் மீண்டும் வெளியே தள்ளுகின்றன. அதிகாரி வருகிறார் என்பதற்காக இழுப்பது நிலைக்காது. தன் கடைக்கு எதிரே நின்று ஜனங்களின் காலைப் பார்த்த கடைக்காரர்தான் தானாக இழுப்பார்.

கடை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வரும் தீபாவளிக்கு அலங்காரத்துக்கு ஆள் பிடிக்கும் முன் இரண்டு குடைகளை விரித்து உங்கள் வாசலில் எதிரெதிரே நடந்து பாருங்கள். அவை உரசாத அகலத்தைக் கோடு போட்டு விட்டுவிடுங்கள். மேலேயும் உள்ளேயும் எவ்வளவு வேண்டுமானாலும் அலங்கரியுங்கள். தரை நடக்கிறவருடையது.